குழந்தை வாந்திக்கு ஓண்டான்செட்ரான்: எவ்வளவு, எப்போது கூடாது?

கேள்வி: என் பெண்ணுக்கு இரண்டரை வயது, 11 கிலோ. ராத்திரியிலிருந்து நாலைந்து முறை வாந்தி, காலையில் பேதியும் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் ஓண்டான்செட்ரான் சிரப் இருக்கிறது. எத்தனை மில்லி கொடுக்கலாம்? எப்போது கொடுக்கக் கூடாது?

குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் மருத்துவன் நான். குழந்தையைப் பார்க்காமல் எழுதுகிறேன். அதனால் கொடுப்பதற்கு முன் உங்கள் டாக்டரிடம் போனிலாவது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கணக்கு எடையை வைத்துத்தான். ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். உங்கள் பெண்ணுக்கு 11 × 0.15 = 1.65 மி.கி. பல மருத்துவமனைகளில் இதையே எளிதாக்கி 8 முதல் 15 கிலோ வரை 2 மி.கி., 15 முதல் 30 கிலோ வரை 4 மி.கி., அதற்கு மேல் 8 மி.கி. என்று கொடுக்கிறார்கள். 8-ஐத் தாண்டுவதில்லை. நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மி.கி. மருந்து இருக்கும். அப்படியென்றால் உங்கள் பெண்ணுக்கு 4 மில்லி. 5 மில்லி போனாலும் அளவுக்குள்தான். ஆனால் அதே 5 மில்லியில் 4 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, அதில் பாதிதான் ஊற்ற வேண்டும். லேபிளைப் படிக்காமல் மூடியில் ஊற்றாதீர்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கமாக மெல்ல விடுங்கள். 15 நிமிடத்துக்குள் மருந்தை அப்படியே கக்கிவிட்டால் ஒரே ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். பொதுவாக இந்த ஒரு வேளையே போதும். அடுத்த வேளை வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மருந்தைவிட அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். ஓண்டான்செட்ரான் நோயைக் குணமாக்காது, ஓஆர்எஸ் வயிற்றில் தங்குவதற்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். வார்டில் அடிக்கடி பார்ப்பது இது: வாந்தி நின்ற குழந்தை தாகத்தில் டம்ளரைப் பிடுங்கும், அம்மாவும் பாவம் பார்த்து விட்டுவிடுவார், முழு டம்ளரும் உள்ளே போய் ஐந்தாவது நிமிடம் தரையில் இருக்கும். பழி மருந்தின் மேல் விழும். மருந்து கொடுத்தபின் 15 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ஓஆர்எஸ். நடுவில் வாந்தி வந்தால் பத்து நிமிடம் நிறுத்தி, அப்புறம் இன்னும் மெதுவாகத் தொடருங்கள். உடலில் நீர் கொஞ்சம் குறைந்திருந்தால் (வாய் உலர்ந்திருக்கும், அழுதால் கண்ணீர் வராது, ஒன்றுக்குப் போவது குறையும்) நாலு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி, இவளுக்குக் கிட்டத்தட்ட 800 மில்லி போக வேண்டும். வாந்தி அடங்க அடங்க வேகத்தைக் கூட்டினால்தான் அந்த அளவு எட்டும். ஓஆர்எஸ் என்பது பொட்டலத்தில் சொன்ன அளவு தண்ணீரில் கரைக்கிற பொடி. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானம் இல்லை.

எப்போது கூடாது? ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வீட்டில் கொடுக்கவே வேண்டாம். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால், ரத்தம் கலந்திருந்தால், வயிறு உப்பியிருந்தால் இது வெறும் குடல் தொற்றாக இல்லாமல் குடல் அடைப்பாக இருக்கலாம். விட்டு விட்டு வீறிட்டு அழுது, இடையில் துவண்டு, சளியும் ரத்தமுமாக மலம் போகிறதென்றால் ஒரு குடல் இன்னொன்றுக்குள் சொருகியிருக்கக்கூடும். இந்த நிலைகளில் மருந்து வாந்தியை மட்டும் மறைத்து, அறுவை மருத்துவரிடம் போகிற நேரத்தைத் தின்றுவிடும். பேதியே இல்லாமல் வாந்தி மட்டும் தொடர்ந்தாலும் சந்தேகப்படுங்கள். தலையில் அடி, மூளைக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, குடல்வால் அழற்சி எல்லாம் இப்படித் தொடங்குவதுண்டு. நிறைய ஒன்றுக்குப் போய், மூச்சு ஆழமாக வாங்கினால் சர்க்கரை பார்க்க வேண்டும். கூப்பிட்டால் சரியாகக் கண் திறக்காத குழந்தைக்கும் சிரப் இல்லை, நேராக ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று, இதயத் துடிப்பு. இந்த மருந்து இதயத்தின் மின்னோட்டத்தில் கியூடி எனப்படும் இடைவெளியை நீட்டும். நல்ல இதயத்துக்கு ஒரு வேளை வாய்வழி மருந்தால் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆனால் பிறவியிலேயே அந்த இடைவெளி நீண்டிருந்தாலோ, வீட்டில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, நாள்கணக்கில் பேதியாகிப் பொட்டாசியம் இறங்கியிருந்தாலோ கதை வேறு. அசித்ரோமைசின் மாதிரி அதே வேலை செய்யும் மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாந்தி நின்று பேதி மட்டும் இருக்கிறதென்றால் இது தேவையே இல்லை. பேதியைக் கொஞ்சம் கூட்டத்தான் செய்யும். அந்த நேரத்தில் ஒவ்வொரு பேதிக்கும் 100 முதல் 200 மில்லி ஓஆர்எஸ் கொடுத்தால் போதும், வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். மருந்து கொடுத்தும் ஓஆர்எஸ் தங்கவில்லை, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் அடுத்த வேளைக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள், டிரிப் தேவைப்படும்.