சம்மனை வாங்காவிட்டால் வழக்கு நின்றுவிடுமா?

"கணவர் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். சம்மன் மார்ச் 3 அன்று வந்தது, ஏப்ரல் 10 அன்று ஆஜராகச் சொல்கிறது. போகாமல் இருந்தால் வழக்கு தானாக இழுத்துக்கொண்டே போகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். பதில் சொல்ல எத்தனை நாள் இருக்கிறது, ஐயா?"

அந்தத் தெரிந்தவரின் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள், அம்மா. சம்மனை வாங்க மறுத்தாலும், அது உங்களுக்குச் சேர்ந்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

எழுத்துப்பூர்வமான எதிருரையைச் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டம். உங்கள் கணக்கில் அது ஏப்ரல் 2, அதாவது வாய்தாவுக்கு முன்பே முடிகிறது. தக்க காரணம் சொன்னால் 90 நாட்கள் வரை, ஜூன் 1 வரை, நீதிபதி அவகாசம் தரலாம். ஆனால் கேட்காதவருக்கு அது கிடைக்காது. சம்மனுடன் மனுவின் நகல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏப்ரல் 10 அன்று நேரில் ஆஜராகி, நகலும் அவகாசமும் கேட்டு மனுக் கொடுங்கள். உறையைத் தூக்கி எறிய வேண்டாம், அதிலுள்ள அஞ்சல் முத்திரைதான் தேதிக்குச் சான்று.

அன்று நீங்கள் வராவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்கிவிடுவார்கள். பிறகு கணவர் சொல்லும் கொடுமைக் குற்றச்சாட்டுகளை மறுக்க ஆளில்லாமல், அவருடைய சாட்சியத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வரும். குழந்தையின் பொறுப்பையும் அவர் கேட்டிருந்தால் அதுவும் அதே தீர்ப்பில் முடிவாகிவிடலாம்.

அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோர, தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்கள்தான் அவகாசம். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் மட்டும், தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாட்கள் எண்ணப்படும். பழைய முகவரிக்கு அனுப்பி, கதவில் ஒட்டிவிட்டுச் சேர்ந்ததாக எழுதிவைக்கும் கூத்து நடப்பதால்தான் இந்தச் சலுகை. ஆனால் வழக்கு நடக்கும் நாள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய நேரமும் இருந்தது என்று நிரூபிக்கப்பட்டால், சம்மன் சேர்ப்பில் உள்ள வெறும் குறைபாட்டைக் காட்டி ரத்து பெற முடியாது. நீங்களோ சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், ஆகவே இந்தச் சலுகை உங்களுக்கு எட்டாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். நீதிமன்ற வாசலில் "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று வருபவரிடம் வெற்று வக்காலத்திலோ முத்திரைத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பின்னாளில் நீங்கள் சம்மதித்ததாக அது திரும்பி வரும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். இதை எழுதிவைத்த பலகையைக்கூட யாரும் தேடினால்தான் கண்டுபிடிக்க முடிகிறது, இடைத்தரகர்களோ தேடாமலே எதிரில் நிற்கிறார்கள்.

உங்கள் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால், எதிருரையோடு இடைக்கால ஜீவனாம்சத்துக்கும் வழக்குச் செலவுக்கும் 24-ஆவது பிரிவின்படி தனி மனுவும் போடுங்கள்.