முதல் மாத்திரை விழுங்கிய நாளே முதல் நாள்

கேள்வி: பாலக்காடு பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் மனநல மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவருக்கு, க்ளோசபின் ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் மயோகார்டைட்டிஸ் வந்தது. இப்போது நலமாக இருக்கிறார். கேஸ் ரிப்போர்ட்டாக எழுதி ஜர்னலுக்கு அனுப்ப ஆசை. அட்மிஷன் அன்று அவர் அப்பா போட்ட கையெழுத்து சம்மதத்துக்குப் போதுமா டாக்டர்? காலவரிசையை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் காலவரிசை. அது சரியாக அமைந்தால் பாதி ரிப்போர்ட் எழுதியாயிற்று.

உங்கள் நோயாளியின் விவரங்களை இங்கே அச்சில் ஏற்ற மாட்டேன். விளக்குவதற்காக நானே ஒரு வரிசையை அமைக்கிறேன். ஒருவர் இரண்டு மாதமாக வால்ப்ரோயேட் எடுத்துக்கொண்டிருக்கிறார். வெளிநோயாளியாக 12.5 மி.கி. க்ளோசபின் ஆரம்பிக்கிறார்கள். 7-ஆம் நாள் 100, 14-ஆம் நாள் 225. 15-ஆம் நாள் வீட்டில் காய்ச்சல். 16-ஆம் நாள் அட்மிஷன். நாடித்துடிப்பு 124, சிஆர்பி 70. 17-ஆம் நாள் இரவு கடைசி மாத்திரை. 18-ஆம் நாள் நெஞ்சில் பாரம்; ட்ரோபோனின் இயல்பின் மேல் வரம்பைப்போல் பத்து மடங்கு, சிஆர்பி 140, எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 38 சதவீதம். மருந்தை நிறுத்துகிறார்கள். 27-ஆம் நாள் ட்ரோபோனின் இயல்புக்கு வருகிறது. 46-ஆம் நாள் எக்கோ 58 சதவீதம்.

இதில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கேஸ் ஷீட் அட்மிஷன் நாளை முதல் நாள் என்கிறது. அதன் கணக்கில் ட்ரோபோனின் உயர்ந்தது 'மூன்றாம் நாள்'. கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதும்போது சுருக்கத்தில் 18, பட்டியலில் 3 என்று இரண்டு கணக்கும் கலந்துவிடும். க்ளோசபினால் வரும் மயோகார்டைட்டிஸ் பெரும்பாலும் முதல் நான்கு வாரத்துக்குள், அதிலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வருவது. எனவே ஜர்னலின் மதிப்பீட்டாளர் முதலில் தேடுவதே இந்த எண்ணைத்தான். முதல் மாத்திரை விழுங்கிய நாளை 1 என்று வைத்து, கட்டுரை முழுக்க அந்த ஒரே கணக்கைப் பின்பற்றுங்கள்.

எல்லைப் பக்கத்தில் அந்த முதல் நாளைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. சீட்டு ஓர் ஊரில் எழுதியிருப்பார்கள், மாத்திரை வேறோர் ஊரில் வாங்கியிருப்பார்கள், கையில் கிடைத்தது மூன்று நாள் கழித்து இருக்கும். சீட்டின் தேதியை நம்பாதீர்கள். மருந்துக்கடை பில்லையும் காலியான அட்டையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வார்டில் இருந்த நாட்களுக்கு டாக்டரின் உத்தரவை விட நர்ஸின் மருந்துச் சார்ட்டே சாட்சி. ரத்தப் பரிசோதனைக்கு, ரிப்போர்ட் அச்சான நேரம் வேண்டாம், ரத்தம் எடுத்த நேரம் வேண்டும். ட்ரோபோனின் ஐ-யா டி-யா, அந்த லேபின் மேல் வரம்பு என்ன என்பதையும் எழுதுங்கள். மருந்து தொடங்கும் முன் ட்ரோபோனின் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். வால்ப்ரோயேட் சேர்ந்திருந்ததும், டோஸ் ஏறிய வேகமும் ஆபத்தைக் கூட்டும் காரணிகள். இரண்டும் காலவரிசைக்குள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

அப்புறம், மாற்றுக் காரணங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காய்ச்சலோடு வந்தவர் என்றால், மதிப்பீட்டாளர் டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் மூன்றையும் கேட்பார். மூன்றும் இதயத் தசையைத் தாக்கக்கூடியவை. 'நெகட்டிவ்' என்று மட்டும் எழுதினால் போதாது. காய்ச்சலின் இரண்டாம் நாளில் டெங்கு என்எஸ்1 பார்த்திருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. அதே நாளில் பார்த்த ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம் நெகட்டிவாக இருப்பது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் அந்த எதிர்ப்பொருள் தலைகாட்டவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். திரும்பப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. நம் பக்கத்தில் காய்ச்சல் என்றதும் டாக்ஸிசைக்ளின் ஆரம்பிப்பது வழக்கம். க்ளோசபினை நிறுத்திய அன்றே அதையும் ஆரம்பித்திருந்தால், எதனால் குணமானார் என்பது குழம்பும். அதை மறைக்காமல் அதே வரிசையில், அதே நாளுக்கு நேராக வையுங்கள்.

பக்கவிளைவுக்கு மருந்துதான் காரணமா என்று அளக்கும் நரஞ்சோ அளவுகோலில் மதிப்பெண் போடும்போது இது கணக்கில் வரும். முன்பே இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகள் உள்ளன, 1 மதிப்பெண். மருந்துக்குப் பிறகு வந்தது, 2. நிறுத்தியதும் குறைந்தது, 1. ட்ரோபோனினும் எக்கோவும் புறச்சான்று, 1. மாற்றுக் காரணங்களை விலக்கிவிட்டால் இன்னும் 2, மொத்தம் 7. ஸ்க்ரப் டைஃபஸ் விலக்கப்படவில்லை என்றால் அந்த இரண்டு கிடையாது, மொத்தம் 5. இரண்டுமே 'அநேகமாக' என்ற பிரிவில்தான் வரும், ஆனால் 5 என்பது அந்தப் பிரிவின் விளிம்பு. இதயத் தசையில் பயாப்ஸி செய்யாதபோது தலைப்பில் 'க்ளோசபினால் வந்த' என்று அடித்துச் சொல்ல வேண்டாம். 'க்ளோசபினோடு தொடர்புடையதாகக் கருதப்படும்' என்பதே நேர்மை.

சரி, சம்மதம். அப்பாவின் கையெழுத்து போதாது. அது சிகிச்சைக்குத் தந்தது, பிரசுரத்துக்கு அல்ல. பையன் வயது வந்தவர், இப்போது தெளிவாக இருக்கிறார். மனநோய் இருப்பதாலேயே முடிவெடுக்கத் தெரியாதவர் என்று கொள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. அவரிடமே, அவர் படிக்கும் மொழியில் கேளுங்கள். உங்கள் மருத்துவமனைப் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் ஒன்று தயார் செய்து, நிறுவன நெறிமுறைக் குழுவிடம் காட்டிவிடுங்கள். பெயர் வராது, ஆனாலும் தெரிந்தவர்கள் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு என்பது அதில் இருக்க வேண்டும். அச்சான பிறகு திரும்பப் பெற முடியாது, மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்பவையும் இருக்க வேண்டும்.

ஊர், சரியான தேதி, தொழில் மூன்றையும் எடுத்துவிடுங்கள். எஸ்டேட் பெயரும் வயதும் சேர்ந்தாலே அந்த லயக் குடியிருப்பில் ஆளைக் காட்டிவிடும். ஆனால் அடையாளத்தை மறைக்க வயதையோ டோஸையோ மாற்றி எழுதாதீர்கள். அது தரவைத் திரிப்பது. நாள் எண்களில் எழுதினால் தேதியே தேவைப்படாது.

பல வருஷம் முன்பு செங்கோட்டைப் பக்கத்து நோயாளி ஒருவருக்கு இப்படித்தான் வரைவைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "நெஞ்சு அடைச்சது புதன்கிழமை இல்ல சார். திங்கக்கிழமையே படி ஏறறப்ப மூச்சு வாங்குச்சு. யாரும் கேக்கல" என்றார். கேட்காதவன் நான்தான். கேஸ் ஷீட்டில் திங்கட்கிழமைக்கு நேராக என் கையெழுத்தில் 'காய்ச்சல்' என்பது மட்டும் இருந்தது. வரிசையை இரண்டு நாள் முன்னே நகர்த்தி, இது நோயாளி பின்னர் சொன்னது என்று குறிப்பிட்டேன். கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கான கேர் வழிகாட்டியில் நோயாளியின் பார்வைக்குத் தனி இடம் உண்டு. அங்கே அவர் சொன்னதையே வைத்தேன்.

அதனால் கையெழுத்தை மட்டும் வாங்கப் போகாதீர்கள். அடுத்த எக்கோவுக்கு அவர் வரும் நாளில் அரை மணி நேரம் ஒதுக்கி, அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நாள் 1-இலிருந்து வாசித்துக் காட்டுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். கையெழுத்திட்ட படிவம் மருத்துவமனைக் கோப்பில் இருக்கட்டும். ஜர்னல் கேட்காமல் அனுப்ப வேண்டாம். மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்துக்கான படிவத்தை இன்னும் நிரப்பவில்லை என்றால், ஜர்னலுக்காகக் காத்திருக்காமல் அதை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.