மகளிர் உரிமைத் தொகை விதிகளை நல்ல ஆங்கிலத்தில் எழுதுவது: கேள்வி பதில்

2023இல் வந்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்ட விதிகளின் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ஆங்கில வடிவம் ஒன்றை எல்லோரும் வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

"பொருளாதாரத் தகுதி முழுவதும் ஏழு வரிக்கு ஒரே வாக்கியமாக ஓடுகிறது. எங்கே வெட்டுவது?" (தன்னார்வலர்)

ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழ் மூலத்தை எடுங்கள். நிபந்தனைகளை எண் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குக் கீழ் என்பது ஒன்று. நன்செய் 5 ஏக்கருக்குக் குறைவு அல்லது புன்செய் 10 ஏக்கருக்குக் குறைவு என்பது இரண்டு. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் குறைவு என்பது மூன்று. மூன்றும் சேர்ந்தே பொருந்த வேண்டும்.

உங்கள் ஆங்கில வாக்கியத்தில், நன்செய்க்கும் புன்செய்க்கும் நடுவே 'அல்லது' என்ற பொருளில் வரும் 'ஆர்' மூன்று நிபந்தனைகளுக்கும் பொதுவானதுபோல் நீள்கிறது. வருமானம் கூடுதலாக இருந்தாலும் நிலம் குறைவாக இருந்தால் போதும் என்று ஒருவர் படித்துவிடுவார். அதனால் 'இந்த மூன்றும் பொருந்த வேண்டும்' என்று முதலில் ஒரு சிறு வாக்கியம் எழுதிவிட்டு, நிபந்தனைக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள். அந்த 'ஆர்' நில வாக்கியத்தை விட்டு வெளியே வரக்கூடாது. முடித்ததும் தாளில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். அடிக்காமல் ஒன்று மிஞ்சினால், மெருகேற்றும்போது அதைத் தொலைத்திருக்கிறீர்கள்.

"நன்செய்க்கு 'வெட்லேண்ட்' என்று இருந்ததை 'இரிகேட்டட் லேண்ட்' ஆக்கினேன். '5 ஏக்கருக்குக் குறைவாக' என்பதையும் 'அப் டு ஃபைவ் ஏக்கர்ஸ்' ஆக்கினேன். படிக்க இதமாக இருக்கிறது, சரிதானே?" (கல்லூரி மாணவர்)

முதலாவது சரி. ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதிய 'வெட்லேண்ட்' ஆங்கிலம் படிப்பவருக்குச் சதுப்பு நிலம். பள்ளிக்கரணைதான் நினைவுக்கு வரும். ஆனால் பட்டாவில் நன்செய், புன்செய் என்றே இருப்பதால், அந்தச் சொற்களையும் ஒருமுறை சேர்த்து எழுதுங்கள். கிணற்றுப் பாசனம் உள்ள புன்செய்க்காரர் தன் நிலமும் 'இரிகேட்டட்'தானே என்று குழம்பக்கூடாது.

இரண்டாவதை மாற்றி எழுதுங்கள். சரியாக 5 ஏக்கர் வைத்திருப்பவர் மூலத்தின்படி வெளியே, உங்கள் வாக்கியத்தின்படி உள்ளே. 'லெஸ் தேன்' விறைப்பான சொல்லே இல்லை, இருக்கட்டும்.

"'லேடி ஹெட் ஆஃப் தி ஃபேமிலி' காதுக்கு ஒவ்வவில்லை. 'ஹோம்மேக்கர்' போடலாமா மேடம்?" (இதழில் பணிபுரிபவர்)

வேண்டாம். வேலைக்குப் போகும் பெண் தனக்கில்லை என்று நினைத்துவிடுவார். விதிகளில் குடும்பத் தலைவி என்பவர் ரேஷன் அட்டையில் அப்படிக் குறிக்கப்பட்டவர். அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவருடைய மனைவி. குடும்பத்தை நடத்தும் திருமணமாகாத பெண், கைம்பெண், திருநங்கை ஆகியோரும் இதில் அடங்குவர். இத்தனையும் ஒரு சொல்லில் அடங்காது. 'வுமன் ஹெட் ஆஃப் தி ஹவுஸ்ஹோல்ட்' என்று எழுதி, யார் யார் என்பதை அடுத்த வாக்கியங்களில் விரித்துச் சொல்லுங்கள். நீளுமே என்று கவலைப்படாதீர்கள். இந்த இடத்தில் சுருக்கினால் ஒரு பெண்ணின் மாதம் 1000 ரூபாய் போகும்.

"அக்கா, என் மாமியார் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறார். இந்த ஆங்கிலத் தாளைப் படித்துவிட்டு நான் விண்ணப்பிக்கவே இல்லை. எனக்கு உண்டா?" (இல்லத்தரசி)

கேட்டது நல்லதாயிற்று அம்மா. முதலில் வந்த விதி அப்படி ஓய்வூதியம் வாங்கும் குடும்பத்தையே விலக்கியது. 2023 ஆகஸ்டில் அதைத் தளர்த்தினார்கள். முதியோர் ஓய்வூதியம் வாங்குபவர் வீட்டில், ஓய்வூதியம் வாங்காத, மற்றத் தகுதிகள் உள்ள பெண் விண்ணப்பிக்கலாம் என்றானது. உங்கள் கையில் இருப்பது அதற்கு முந்தைய மூலத்தின் மொழிபெயர்ப்பு. மற்ற நிபந்தனைகளும் பொருந்துகின்றனவா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

மற்றவர்களும் கவனியுங்கள். இந்தத் தாளின் ஆங்கிலத்தை எவ்வளவு அழகாக்கினாலும் தவறு அப்படியே இருக்கும். எந்தத் தேதி மூலம் என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

"நன்செய் 3 ஏக்கர், புன்செய் 6 ஏக்கர் இரண்டும் இருப்பவருக்கு என்ன எழுதுவது? 'அல்லது' என்றுதானே இருக்கிறது?" (அதே தன்னார்வலர்)

நீங்கள் எடுத்துக்காட்டிய வரி இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கணக்கிடுவது என்று சொல்லவில்லை. 'ஆர்' என்றே விடுங்கள். 'அண்ட்' போட்டாலும், 'இன் டோட்டல்' சேர்த்தாலும் நீங்களே புது விதி எழுதியதாகிவிடும். இந்தக் கேள்வியைத் தனியே குறித்துத் துறைக்கு அனுப்புங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.