முழு லோடு கொடுக்காமல் டிரான்ஸ்பார்மரைச் சோதித்தால் நம்பலாமா?

கேள்வி: ஒரே மாதிரியான இரண்டு 100 கேவிஏ சிங்கிள் பேஸ் டிரான்ஸ்பார்மர்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். 11,000/250 வோல்ட், எண்ணெய் நிரப்பியவை. முழு லோடு கொடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். "இரண்டையும் முதுகோடு முதுகு இணைத்து ஓட்டிக் காட்டுகிறோம், அதுவே போதும்" என்கிறார்கள். செலவைத் தவிர்க்கப் பார்க்கிறார்களா? சோதனையைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள். இதற்கு சம்ப்னர் சோதனை என்று பெயர். செலவு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் எபிஷியன்சியைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்ட நேரடி முழு லோடு சோதனையைவிட இதில்தான் சரியான கணக்கு கிடைக்கும்.

உங்கள் டிரான்ஸ்பார்மர் ஒன்றில் இரும்புக் கோரில் வீணாகும் கோர் லாஸ் 250 வாட், முழு லோடில் வைண்டிங்கில் வீணாகும் காப்பர் லாஸ் 1,500 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,750 வாட். நேரடியாக லோடு கொடுத்தால் உள்ளே போவது 101.75 கிலோவாட், வெளியே வருவது 100 கிலோவாட். இந்த இரண்டு பெரிய எண்களைக் கழித்துத்தான் லாஸைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரும் அரை சதவீதம் எதிரெதிராகத் தவறினால், கழித்து வரும் விடையில் ஏறக்குறைய 1,000 வாட் பிழை புகுந்துவிடும். தேடுவதோ 1,750 வாட்! லாஸையே நேராக அளந்தால், ஒரு சதவீதப் பிழைகூட 18 வாட்டுக்கு மேல் போகாது.

இணைப்பு இப்படி இருக்கும். இரண்டின் 250 வோல்ட் பக்கங்களையும் பேரலலாக இணைத்து, சரியான பிரீக்வென்சியில் 250 வோல்ட் கொடுப்பார்கள். இரண்டின் 11,000 வோல்ட் பக்கங்களையும் ஒன்றையொன்று எதிர்க்கும்படி வரிசையாக இணைப்பார்கள். இரண்டு அழுத்தமும் சமமாக எதிர்த்து நிற்பதால் அந்த வளையத்தில் மின்னோட்டம் ஓடாது. முதல் வாட்மீட்டர் இரண்டின் கோர் லாஸையும் சேர்த்து 500 வாட் காட்டும். அப்புறம் வளையத்துக்குள் இன்னொரு சிறிய சப்ளையால் சுமார் 990 வோல்ட் புகுத்துவார்கள். ஒவ்வொன்றின் இம்பிடன்ஸும் 4.5 சதவீதம் என்றால், இரண்டையும் கடந்து முழு லோடு மின்னோட்டமான 9.09 ஆம்பியரை ஓட்ட அது போதும். 250 வோல்ட் பக்கத்திலும் 400 ஆம்பியர் ஓடும். ஆனால் அது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச் சுற்றி வருமே தவிர, மெயின் சப்ளைக்கு வராது. இரண்டாவது வாட்மீட்டர் இரண்டின் காப்பர் லாஸையும் சேர்த்து 3,000 வாட் காட்டும். ஆக, வெளியிலிருந்து எடுப்பது 3.5 கிலோவாட்தான். உள்ளே இரண்டு டிரான்ஸ்பார்மர்களும் முழு லோடில் சூடாகிக்கொண்டிருக்கும்.

சோதனை தொடங்கும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். வளையத்தை மூடுவதற்கு முன், திறந்திருக்கும் இரு முனைகளுக்கிடையே வோல்ட்மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். முனை மாறியிருந்தால் 22,000 வோல்ட் நிற்கும். அதனால் முதலில் 250-க்குப் பதில் 10 வோல்ட் மாதிரி குறைவாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. அப்போது தவறான இணைப்பு 880 வோல்ட் காட்டும், சரியானது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். பூஜ்யமும் இல்லாமல், இரட்டிப்பும் இல்லாமல் சின்னதாக ஏதாவது காட்டினால், வைண்டிங்கின் சுற்று எண்ணிக்கையைச் சற்றே மாற்றும் டேப்பைப் பாருங்கள். நான் பார்க்கப் போன ஒரு சோதனையில் ஒன்றின் டேப் சுவிட்ச் ஒரு படி தள்ளி இருந்தது. 2.5 சதவீதப் படி என்றால் முழு அழுத்தத்தில் 275 வோல்ட் வித்தியாசம். வளையத்தை மூடினால், எதையும் புகுத்தாமலே 2.5 ஆம்பியர் சுற்றும். அதன் பிறகு எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.

இன்னொரு அடையாளம் இருக்கிறது. மின்னோட்டத்தைப் புகுத்தும்போது முதல் வாட்மீட்டர் 500-லிருந்து பெரிதாக நகரக் கூடாது. நகர்ந்தால் இரண்டும் ஒரே மாதிரி இல்லை என்று பொருள்.

வாங்குபவராக நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியது, மீட்டர்கள் காட்டுவது ஜோடியின் கூட்டுத்தொகை என்பதுதான். ஒன்றில் 210 வாட்டும் மற்றதில் 290 வாட்டும் இருந்தாலும் மொத்தம் 500 வரும், பாதியாக வகுத்தால் அழகாக 250 கிடைக்கும். மோசமானது நல்லதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓபன் சர்க்யூட், ஷார்ட் சர்க்யூட் சோதனைகளைச் செய்து முடிவுகளைத் தரச் சொல்லுங்கள். அதிக நேரம் ஆகாது. காப்பர் லாஸை எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள். 75 டிகிரியில் 3,000 வாட் காட்டும் ஜோடி, 30 டிகிரியில் ஏறக்குறைய 2,600 வாட்தான் காட்டும். 75 டிகிரிக்கு மாற்றிய எண்ணை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெப்ப ஏற்றத்துக்கு வருவோம். மேல் எண்ணெயின் வெப்ப ஏற்றம் மணிக்கு 1 டிகிரிக்கும் குறைவாக மாறும் நிலை வந்து, அது 3 மணி நேரம் தொடரும்வரை ஓட்ட வேண்டும். ஐஇசி 60076-2 சொல்வது இது. "மதியத்துக்குள் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் பிறகு சப்ளையை நிறுத்தி, வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸை அளந்து வெப்பநிலையைக் கணக்கிடுவார்கள்:

```
T2 = (R2 / R1) × (235 + T1) − 235
```

செம்புக்கு 235, அலுமினியம் வைண்டிங் என்றால் 225. 30 டிகிரியில் 8.00 ஓம் இருந்த வைண்டிங், நிறுத்திய கணத்தில் 9.60 ஓம் என்றால் அதன் வெப்பநிலை 83 டிகிரி. அப்போது சுற்றுப்புறம் 32 டிகிரி என்றால் ஏற்றம் 51 டிகிரி. இயற்கையாகக் குளிரும் எண்ணெய் டிரான்ஸ்பார்மருக்கு அந்தத் தரநிலை வைண்டிங்கில் சராசரியாக 65 டிகிரிவரையும், மேல் எண்ணெயில் 60 டிகிரிவரையும் அனுமதிக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

ஆனால் சப்ளையை நிறுத்தியதும் வைண்டிங் வேகமாகக் குளிரத் தொடங்கிவிடும். மீட்டரை மாட்டி, முள் நிலைப்பதற்குள் 9.52 ஓம் ஆகியிருந்தால், கணக்கில் 2.65 டிகிரி குறைந்துவிடும். தாமதம் எப்போதும் விற்பவருக்கே சாதகம். எனவே ஒரே அளவீட்டில் நிறுத்த விடாதீர்கள். சில நிமிடங்களுக்கு, நேரத்தோடு சேர்த்து அடுத்தடுத்து அளந்து, வளைகோடு வரைந்து, அதைச் சப்ளை நிறுத்திய கணத்துக்குப் பின்னோக்கி நீட்ட வேண்டும். அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு டிரான்ஸ்பார்மர்களுக்கும் தனித்தனித் தாள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகச் சூடாகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

எபிஷியன்சி கணக்கு எளிது. உங்கள் எண்களில் முழு லோடில், பவர் பேக்டர் ஒன்றாக இருந்தால், 100-ஐ 101.75-ஆல் வகுக்க 98.28 சதவீதம். பாதி லோடில் காப்பர் லாஸ் கால்பங்காகி 375 வாட் ஆகிவிடும், கோர் லாஸ் அப்படியே இருக்கும். அப்போது 98.77. உங்களுடையது பெரும்பாலும் பாதி லோடில் ஓடும் என்றால், பேரம் பேசும்போது கோர் லாஸில் கண் வையுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் இந்தச் சோதனையில் தெரியாது. உங்கள் லோடில் யூபிஎஸ், மோட்டார் டிரைவ் போன்றவை அதிகம் இருந்தால், அவை இழுக்கும் கோணல் அலையுள்ள மின்னோட்டம் கூடுதலாகச் சூடேற்றும். சோதனையில் ஓடுவது சுத்தமான அலை. அப்படிப்பட்ட லோடு இருந்தால், வடிவமைப்புக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.