வாக்கியத்துக்கு ஒரு தவறு: விடை இரண்டாகிவிடாமல் பார்ப்பது எப்படி?

"மதுரைக்கு வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவர்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வாக்கியத்துக்கு ஒரு சொல் மட்டும் தவறாக இருக்கும் பயிற்சி தயாரித்தால், ஆளுக்கொரு விடை எழுதுகிறார்கள். என்ன செய்ய?"

தவறு ஒன்றுதான், ஆனால் திருத்தும் வழி இரண்டு இருக்கும். அதுதான் சிக்கல். "நேற்று அவன் மாட்டுத்தாவணிக்குப் போகிறான்" என்று கொடுத்தால், ஒருவர் "போனான்" என்பார், இன்னொருவர் "நேற்று" என்பதை "இன்று" ஆக்குவார். இரண்டும் சரியே, மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது. "நேற்று மழை பெய்தது. அப்போது அவன் மாட்டுத்தாவணிக்குப் போகிறான்" என்று முன்னால் ஒரு வாக்கியம் சேர்த்து, "அப்போது" என்பதை மாற்றக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். "போனான்" மட்டுமே பொருந்தும்.

புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது "நான்", "எனக்கு" இரண்டிலும்தான். தெரியும், பிடிக்கும், பசிக்கிறது போன்ற வினைகளோடு "எனக்கு" வரவேண்டும். ஆனால் "நான் கோயிலுக்கு வழி தெரியும்" என்பதை "நான் கோயிலுக்கு வழி சொல்வேன்" என்றும் திருத்திவிடலாம். அதனால் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போட்டு, அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். "எனக்குப் பசிக்கிறது" என்பதில் "ப்" விட்டுப்போனால் கண்டுகொள்ள வேண்டாம். அது வேறு பாடம்.

அப்புறம், "பஸ்கள் வந்தது" போன்றவற்றை ஆரம்பத்தில் வைக்காதீர்கள். எழுத்தில் "வந்தன" என்பதே சரி, ஆனால் பெரியார் பேருந்து நிலையத்தில் காதில் விழுவது "வந்தது" தான். கேட்டுப் பழகியதையே தவறு என்றால் குழம்பிப்போவார்கள். தாளைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒவ்வொரு சொல்லாக மாற்றிப் பாருங்கள். எத்தனை இடத்தில் சரியாகிறது என்று தெரிந்துவிடும்.