மரம் நடும் வீடியோ: பார்த்தவர் சரியான இடத்துக்கு வந்து சேர

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மரக்கன்று நடப் போகிறோம். வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்ப, போன் கேமராவிலேயே ஒரு சின்ன வீடியோ எடுக்கணும். தேதி, கூடும் இடம், என்ன கொண்டு வரணும் எல்லாம் தெளிவாக வரணும். எவ்வளவு நேரம் இருக்கலாம், எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: நாற்பது நொடி போதும். போனை நிமிர்த்திப் பிடித்தே எடுங்கள். ஆனால் கேமராவைத் தொடும் முன், வீடியோவின் கடைசியில் வரப்போகும் அட்டையை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் இருப்பதைத்தான் முந்தைய காட்சிகள் ஒவ்வொன்றாகக் காட்டப் போகின்றன.

உதாரணத்துக்கு, அட்டை இப்படி இருக்கட்டும்: "ஜூன் 14, 2026, ஞாயிறு. காலை 6.30. பூங்காவின் கிழக்கு வாசல்." கிழமை, தேதி, ஆண்டு மூன்றும் வேண்டும். "வரும் ஞாயிறு" என்று மட்டும் சொன்னால், நான்கு நாள் கழித்து அந்த வீடியோவைப் பார்ப்பவர் அடுத்த வாரம் என்று நினைத்துக்கொள்வார். ஆண்டு இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் யாராவது பார்வர்டு செய்வார்கள். கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா என்று காலண்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவது என்று யாருக்கும் தெரியாது.

அதிகம் குழப்புவது கூடும் இடம்தான். கன்று நடும் இடமும் ஆட்கள் கூடும் இடமும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். நடுவது வாய்க்கால் கரையில், கூடுவது பூங்கா வாசலில் என்றால், வீடியோவில் வாய்க்கால் கரையைக் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. கரையைப் பார்த்தவர்களில் சிலர் நேரே அங்கே போய் நிற்பார்கள். அதற்குப் பதிலாக, மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரை நடந்துகொண்டே மூன்று துண்டாக எடுங்கள்: திரும்ப வேண்டிய முனை, அங்கிருந்து தெரியும் வாசல், வாசலில் ஆட்கள் நிற்க வேண்டிய இடம். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும், ஒவ்வொன்றும் நான்கு நொடி ஓடட்டும். நிகழ்ச்சி நடக்கும் அதே காலை நேரத்தில் போய் எடுப்பது நல்லது. மாலையில் விளக்கு எரியும் கடைப் பலகையை அடையாளமாகக் காட்டியிருப்போம், காலை 6.30-க்கு அங்கே மூடிய ஷட்டர்தான் இருக்கும். நிறுத்தி வைத்த வண்டியும் அடையாளம் ஆகாது. தண்ணீர்த் தொட்டி, சிலை, வாசல் கம்பியின் நிறம் மாதிரி நகராத எதையாவது பிடியுங்கள்.

கொண்டு வர வேண்டியதைப் பட்டியலாக ஓட விடாதீர்கள். ஒரு மேசையில் தண்ணீர் பாட்டில், தொப்பி, கையுறை, மூடிய ஷூ என்று ஒரு கை ஒவ்வொன்றாக வைக்கட்டும், மேலே அதன் பெயர் வரட்டும். நாலைந்துக்கு மேல் போனால் எதுவும் மனதில் நிற்காது. இதைவிட முக்கியம், என்ன கொண்டு வர வேண்டாம் என்று சொல்வது. கன்று நாமே வாங்கி வரணுமா, மண்வெட்டி வேணுமா என்ற சந்தேகத்திலேயே பலர் தயங்கி நின்றுவிடுவார்கள். "கன்றும் மண்வெட்டியும் நாங்கள் தருகிறோம்" என்று ஒரு வரி போட்டால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும்.

குழுக்களில் வரும் வீடியோவைப் பலர் சத்தம் இல்லாமல்தான் பார்ப்பார்கள். அதனால் பேசுவது எல்லாம் எழுத்தாகவும் வர வேண்டும். தடித்த எழுத்துருவாகப் பாருங்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும்போது மெல்லிய எழுத்தில் மெய்யெழுத்துப் புள்ளிகள் மங்கிவிடும். சில எடிட்டிங் செயலிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளிப் போய் நிற்கும், அப்படி இருந்தால் எழுத்துருவை மாற்றுங்கள். எழுத்தைத் திரையின் நடுப்பகுதியிலேயே வையுங்கள். ஸ்டேட்டஸில் போடும்போது மேலும் கீழும் பெயரும் பொத்தான்களும் வந்து மறைக்கும். குரலை வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தனியாகப் பதிவு செய்து சேர்த்தால் காற்றின் இரைச்சல் இருக்காது. நொடிக்கு இரண்டு சொல் என்று வைத்தால் நாற்பது நொடிக்கு எண்பது சொல், அதற்கு மேல் எழுதாதீர்கள்.

கடைசி அட்டை அசையாமல் ஆறு நொடி நிற்கட்டும். ஒருவர் அதை நிதானமாக இரண்டு முறை வாசித்து, ஸ்கிரீன்ஷாட் எடுக்க அவ்வளவு நேரம் வேண்டும். மேப் லிங்கை வீடியோவுக்குள் போட்டால் யாராலும் அழுத்த முடியாது. அதை வீடியோவுடன் சேர்த்து அனுப்பும் செய்தியில் போடுங்கள். மழை வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது போன்ற மாறக்கூடிய விஷயங்களும் செய்தியிலேயே இருக்கட்டும். வீடியோ ஒருமுறை பரவிவிட்டால் திருத்த முடியாது.

அனுப்புவதற்கு முன், அந்த இடம் அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒருமுறை காட்டுங்கள். எப்போது, எங்கே, எதை எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் காட்சியை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். அப்புறம் ஒரு வாரம் முன்னதாக வீடியோவை அனுப்புங்கள், முந்தின நாள் மாலை அந்தக் கடைசி அட்டையை மட்டும் படமாக அனுப்புங்கள்.