ஒரே சுவெட்டர், மூன்று பெயர்கள்: நிறமும் அளவும் கையிருப்பைச் சிதறடிக்காமல் குறியீடு அமைப்பது எப்படி?

கேள்வி: ஐயா, ஹட்டனில் சுவெட்டர், மழைக்கோட்டு விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறோம். நேவி மீடியம் சுவெட்டர் 3 இருப்பதாகக் கணினி காட்டுகிறது, தட்டில் 9 இருக்கிறது. தேடினால் அதே சுவெட்டர் வேறு வேறு பெயர்களில் வருகிறது. நிறம், அளவு இரண்டையும் வைத்துக் குறியீடு போடுவது எப்படி? ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது?

பதில்: உங்கள் மென்பொருளில் பெரும்பாலும் பிழை எதுவும் இல்லை. ஒரே குறியீட்டை இரண்டு தடவை பதிய அது விடாது. ஆனால் ஒரே சுவெட்டரை இரண்டு குறியீடுகளில் பதிந்தால் அது ஒரே பொருள் என்பதை அறிய அதற்கு வழியில்லை. நிறத்தையும் அளவையும் பெயருக்குள் கையால் தட்டச்சு செய்யும்வரை, ஒருவர் ‘Navy’ என்றும் மற்றவர் ‘N/Blue’ என்றும் எழுதத்தான் செய்வார்கள். ஆகவே பெயரை அடையாளமாகக் கொள்வதை முதலில் கைவிடுங்கள். மாதிரி, நிறம், அளவு ஆகிய மூன்றையும் தனித்தனி நிரல்களில் வைத்து, அம்மூன்றின் சேர்க்கை ஒரு தடவைக்கு மேல் வராதவாறு பார்த்துக்கொள்வதே தீர்வு.

மாதிரிக்கு SW014 போன்ற தொடர் எண் போதும். அதற்குள் ஆண்டையோ, விலையையோ, நெய்து தருபவரின் பெயரையோ நுழைக்காதீர்கள்; அவை மாறும்போது குறியீடு பொய்யாகிவிடும், பிறகு யாராவது அதே பொருளுக்குப் புதிய குறியீடு போடுவார்கள். எழுத்தில் தொடங்குவதற்கும் காரணம் உண்டு: 014 என்று மட்டும் இட்டால் எக்செல் முன்னாலுள்ள சுழியத்தை நீக்கிவிடும். எது புதிய மாதிரி, எது பழையதன் இன்னொரு வகை என்று ஐயம் எழுந்தால், ‘இதே சுவெட்டரில் வேறு அளவு இருக்கிறதா?’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அதை எடுத்துக் காட்ட முடியுமா என்று யோசியுங்கள். கழுத்து V வடிவிலிருந்து வட்டமாக மாறினால் அது புதிய மாதிரி. பெரிய அளவின் விலை சற்றுக் கூடுதலாக இருப்பதால் மட்டும் அது புதிய மாதிரி ஆகாது.

மிகுந்த தொல்லை தருவது நிறம்தான். ஒரு விநியோகத்தர் நேவி என்பதை இன்னொருவர் டார்க் புளூ என்பார், உங்கள் பையன் பில்லில் வெறும் புளூ என்று போடுவான். இதற்கு நான் பரிந்துரைப்பது ஒரு கொப்பி: ஒரு பக்கத்துக்கு ஒரு நிறம், அந்தப் பக்கத்தில் அந்த நிற நூலின் ஒரு துண்டு, அதனருகில் ஈரெழுத்துக் குறியீடு. நேவிக்கு NV, ரோயல் புளூவுக்கு RB, கறுப்புக்கு BK, மெரூனுக்கு MR, பொட்டில் கிரீனுக்கு BG. BL என்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஒருவர் அதைக் கறுப்பு என்பார், இன்னொருவர் நீலம் என்பார். சரக்கு வந்ததும் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், துணியை நூல் துண்டோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூடுபனி நாட்களில் கடைக்குள் மின்விளக்கின் கீழ் நேவியும் கறுப்பும் ஒன்றாகவே தெரியும். பாடசாலைச் சுவெட்டராக இருந்தால், ஒரு தாய் ஒன்றுக்குப் பதிலாக மற்றதை ஏற்பாரா என்று பாருங்கள். ஏற்பாரானால் அவை ஒரே நிறக் குறியீட்டில் இருக்கலாம்.

அளவில் பின்பற்ற வேண்டியது, ஒரு மாதிரிக்கு ஒரே அளவு வரிசை என்பதுதான். S, M, L என்று தொடங்கிய மாதிரியில் 38, 40 கலக்கக் கூடாது. சிறுவர் உடையில் வயதைக் குறிக்கும் 5-6 என்பதை அப்படியே இட்டால் எக்செல் அதைத் திகதியாக மாற்றிவிடும்; குறியீட்டின் வாலில் திடீரென ஓர் ஐந்திலக்க எண் தோன்றினால் இதுதான் காரணம். 0506 என்று இடுங்கள், அதற்கு முன் அந்த நிரலை Text என்று மாற்றிவிடுங்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவாயின் நிரலை வெறுமையாக விடாமல் FS என்று இடுங்கள்.

மாதிரி B நிரலிலும், நிறம் C நிரலிலும், அளவு D நிரலிலும் இருக்குமானால், குறியீட்டை முதல் வாய்பாடும் இரட்டைப் பதிவை இரண்டாவது வாய்பாடும் தரும்:

```
=B2&"-"&C2&"-"&D2
=COUNTIFS(B:B,B2,C:C,C2,D:D,D2)
```

இரண்டாவதில் 1-க்கு மேல் வந்தால் அது இரட்டைப் பதிவு. வெறுமையான கலத்தை இந்த வாய்பாடு 0 என்று எடுத்துக்கொள்வதால், அளவு இடப்படாத இரட்டைகள் அதன் கண்ணில் படாது. FS இடச் சொன்னதற்கு அதுவே காரணம். NV-க்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் அதை வேறு நிறமாகவே எண்ணிவிடும். ஆகவே நிறத்தையும் அளவையும் தட்டச்சு செய்ய விடாமல், Data Validation பட்டியலிலிருந்து தெரிவு செய்ய மட்டும் விடுங்கள். பில்லில் தோன்றும் பெயரும் ‘V நெக் சுவெட்டர் / நேவி / M’ என்று இதே வரிசையில் அமையட்டும்.

இனிப் பழைய பதிவுகள். உங்கள் நேவி மீடியத்தின் நிலை இப்படி இருப்பதாகக் கொள்வோம்: ‘School Sweater Navy M’ 3, ‘Sweater N/Blue M’ 8, ‘V Neck Blue Med’ கழித்தல் 2. அந்தக் கழித்தல்தான் நல்ல தடயம். சரக்கு வேறொரு பெயரில் உள்ளே வந்து, இந்தப் பெயரில் வெளியே போயிருக்கிறது. மூன்றையும் கூட்டினால் 9, தட்டிலும் 9. இங்கே எதுவும் காணாமற்போகவில்லை என்பதால் மூன்றையும் SW014-NV-M என்பதில் அச்சமின்றிச் சேர்க்கலாம். ஆனால் தட்டில் 11 இருந்தால் உடனே கணக்கைத் திருத்திவிடாதீர்கள். பக்கத்திலுள்ள ரோயல் புளூ மீடியத்தையும் எண்ணுங்கள். அதில் 2 குறைந்தால், ரோயல் புளூவை விற்று ‘Blue Med’ என்று பில் போட்டிருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணம், திருட்டல்ல. அந்த 2-ஐ நிற மாற்றம் என்று தனிப் பதிவாக இடுங்கள்.

விற்பனை நடக்கும்போது இதைச் செய்தால் எண்ணியது எண்ணிக்கொண்டிருக்கும்போதே மாறிவிடும். கடை மூடியிருக்கும் போயா தினம் இதற்கு வசதி. சேர்த்த பின் பழைய பதிவுகளை அழிக்காதீர்கள், பழைய பில்கள் அவற்றில் தொங்குகின்றன. கையிருப்பைச் சுழியமாக்கி, விற்பனைக்கு வராதபடி முடக்கிவிட்டால் போதும். அந்தக் குறியீடுகளை வேறு பொருளுக்கு மீண்டும் கொடுக்கவும் கூடாது.

உறையிலுள்ள பார்கோட்டை உங்கள் குறியீடாக்காமல் தனி நிரலில் வையுங்கள். மழைக்கோட்டுகளில் எல்லா அளவுக்கும் ஒரே பார்கோட் அச்சிட்டு வருவதைக் கண்டிருக்கிறேன். அத்தகைய சரக்குக்கு உங்கள் குறியீட்டையே ஒட்டி விற்க வேண்டியிருக்கும். புதிய பொருள் பதியும் அனுமதியை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கழித்தலில் நிற்கும் பொருட்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். அதில் ஏதாவது வந்தால், நூல் கொப்பியில் அந்த நிறத்தின் பக்கத்தைத் திறந்து அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.